மூன்று நிமிடப் படத்துக்குள் ஒரு கிணறு

திருப்பூணித்துறையில் குழாய் வந்து பல வருடங்கள் ஆகியும் வீட்டுப் பின்பக்கத்துக் கிணறுகளை யாரும் கைவிடவில்லை. தெற்கே உதயம்பேரூர்ப் பக்கம் போனால் இன்னும் பல வீடுகளில் குடிக்க, சமைக்க, துணி அலச எல்லாமே கிணற்றுத் தண்ணீர்தான். 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு கேரளம் முழுக்கக் கிணறுகளுக்கு ப்ளீச்சிங் பவுடர் போட்டார்கள். அப்போது கற்றுக்கொண்டதைப் பாதிப் பேர் மறந்துவிட்டோம். 2024 ஏப்ரல், மே மாதங்களில் எங்கள் எர்ணாகுளம் மாவட்டத்தின் வேங்ஙூர் ஊராட்சியில் தண்ணீர் வழியாக மஞ்சள் காமாலை பரவி, 200 பேருக்கும் மேல் படுக்கையில் விழுந்த சேதி வந்தபோது, எங்கள் குடியிருப்புப் பெண்கள் கூடி ஒரு சின்ன அசைபடம் எடுத்தோம். செல்போன், கத்தரித்த காகிதம், ஒருவர் குரல், இவ்வளவுதான் மூலதனம். முதல் படம் சரியாக வரவில்லை, இரண்டாவது உருப்படியாக வந்தது. உங்கள் ஊருக்கும் இப்படி ஒன்று எடுக்க நினைத்தால் இந்தக் குறிப்புகள் உதவும்.

1. ஒரு படத்தில் ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்கள். எங்கள் முதல் படத்தில் கை கழுவுதல், கழிப்பறை, கொதிக்க வைத்தல், கிணறு என்று எல்லாம் இருந்தது. ஏழு நிமிடம் ஓடியது. பார்த்து முடித்த ஒரு சேச்சியிடம் “என்ன செய்யணும்னு சொல்லுது?” என்று கேட்டேன். “சுத்தமா இருக்கணும்னு” என்றார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு யாரும் எழுந்துபோய் எந்த வேலையும் செய்துவிட முடியாது. இரண்டாவது படத்தில் கிணற்றுக்குக் குளோரின் போடுவதை மட்டும் எடுத்துக்கொண்டோம். மூன்றே நிமிடம். இந்தக் குறிப்புகளும் பெரும்பாலும் அந்த ஒரு வேலையைச் சுற்றியே இருக்கும்.

2. படம் வரைவதற்கு முன் கிணற்றை அளந்துவிடுங்கள். “தேவையான அளவு பவுடர் போடவும்” என்று குரல் சொன்னால் அந்தப் படத்தால் பயனில்லை, ஏனென்றால் தேவையான அளவு எது என்பதுதான் எல்லாருக்கும் தெரியாத விஷயம். வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு, 1000 லிட்டர் தண்ணீருக்கு 2.5 கிராம் நல்ல ப்ளீச்சிங் பவுடர். வெள்ளம் புகுந்த கிணறாக இருந்தாலோ, பக்கத்தில் நோய் பரவியிருந்தாலோ அதைப்போல் இரட்டிப்பு, 5 கிராம்.

லிட்டரைக் கண்டுபிடிக்க, கிணற்று வாயின் குறுக்கே ஒரு கம்பை வைத்து விட்டத்தை மீட்டரில் எடுங்கள். கயிற்று நுனியில் கல்லைக் கட்டி அடி தொடும்வரை இறக்குங்கள். நனைந்த கயிற்றின் நீளம்தான் தண்ணீரின் ஆழம். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, அதை ஆழத்தால் பெருக்கி, வந்ததை 785ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். எங்கள் கிணற்றின் விட்டம் 2 மீட்டர், தண்ணீர் 3 மீட்டர். 2 × 2 × 3 என்றால் 12. அதை 785ஆல் பெருக்க 9,420 லிட்டர். சாதாரண நாளில் ஏறக்குறைய 24 கிராம், வெள்ளத்துக்குப் பிறகு 47 கிராம் பவுடர்.

இதைப் படத்தில் அப்படியே சொன்னால் பார்ப்பவர்கள் பெருக்கலிலேயே நின்றுவிடுவார்கள். கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்ததில் ஒரு சுலப வழி கிடைத்தது. 2 மீட்டர், அதாவது ஆறரை அடி அகலமுள்ள கிணற்றில் ஒரு அடித் தண்ணீர் ஏறக்குறைய 1000 லிட்டர். ஆகவே கயிறு எத்தனை அடி நனைந்ததோ, அத்தனை முறை இரண்டரை கிராம். பத்தடி நனைந்தால் 25 கிராம். திரையில் வாய்க்கணக்காகச் சொல்ல இது போதும். ஆனால் இது ஆறரை அடிக் கிணற்றுக்கு மட்டுமே பொருந்தும். ஒன்றரை மீட்டர் கிணறு என்றால் ஓரடிக்கு ஏறக்குறைய பாதி அளவுதான். உங்கள் ஊர்க் கிணறுகள் பெரும்பாலும் எந்த அகலம் என்று நான்கைந்து வீட்டில் அளந்து பார்த்துவிட்டு, அதற்கேற்ற எண்ணைக் குரலில் வையுங்கள். பவுடரைக் கரண்டியால் அளக்கச் சொல்ல வேண்டாம், வீட்டுக்கு வீடு கரண்டி வேறு. பலசரக்குக் கடைத் தராசில் 25 கிராம் பொட்டலங்களாகக் கட்டி வாங்கலாம் என்று காட்டினோம். பார்த்தவர்களுக்கு அது உடனே பிடித்துப்போனது.

3. வசனத்தை எழுதாதீர்கள், முதலில் பேசுங்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குச் சொல்வதுபோல் வாய்விட்டுச் சொல்லி, அதைச் செல்போனில் பதிந்து, பிறகு காகிதத்தில் இறக்குங்கள். எழுதி வைத்துப் படித்தால் “நுண்ணுயிரிகளால் மாசுபட்ட நீர்” என்று வரும். பேசினால் “கண்ணுக்குத் தெரியாத கிருமி கலந்த தண்ணி” என்று வரும். பத்து நொடிக்குப் பதினைந்து சொற்கள் இருந்தால் போதும். மூன்று நிமிடத்தை அதற்கு மேல் அடைத்தால் காதும் கண்ணும் ஒன்றை ஒன்று முந்தும். கை வேலை செய்யும் காட்சியில் குரலை நிறுத்தி, தண்ணீர்ச் சத்தத்தை மட்டும் விடுங்கள்.

4. கிருமியைப் பூதமாக வரையாதீர்கள். எங்கள் முதல் படத்தில் பல், கண், காலெல்லாம் வைத்து வரைந்திருந்தோம். குழந்தைகள் சிரித்தார்கள். ஒரு பாட்டி நிதானமாகச் சொன்னார், “நம்ம கிணத்துல இந்தப் பூச்சி கிடையாது மோளே, இருந்தா தெரிஞ்சிருக்கும்.” அவர் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். வரைந்த எங்கள் மேல்தான் தவறு.

தண்ணீரைப் பற்றிய விழிப்புணர்வு அசைபடம் புதிதல்ல. 1943லேயே வால்ட் டிஸ்னி நிறுவனம் லத்தீன் அமெரிக்க நாடுகளுக்காகத் தண்ணீர் நண்பனா எதிரியா என்ற பொருளில் ஒரு குறும்படம் எடுத்தது. எங்களுக்கு அதிகம் உதவியது 2011ல் வந்த ‘தி ஸ்டோரி ஆஃப் காலரா’. குளோபல் ஹெல்த் மீடியா ப்ராஜெக்ட் என்ற அமைப்புக்காக, இஸ்ரேல் அசைபடக் கலைஞர் யோனி குட்மேன் இயக்கியது. ஒரு சிறுவன், அவன் அப்பாவுக்கு வந்த காலரா, பிறகு ஊர் எப்படித் தப்பிக்கிறது என்பது கதை. அதில் கண்ணுக்குத் தெரியாத கிருமி சின்னப் புள்ளிகளாகத் தெரியும். கையிலிருந்து தண்ணீருக்கும் தண்ணீரிலிருந்து வாய்க்கும் அந்தப் புள்ளிகள் போவதைத் தொடர்ந்து பார்க்கலாம். அது என்ன உயிர், எத்தனை பெரிது என்ற கேள்வியே எழாது. எங்கிருந்து எங்கே போகிறது என்பது மட்டும் மனதில் நிற்கும்.

அந்த வழியையே எடுத்துக்கொண்டோம். மஞ்சள் காகிதத்தில் துளைபோடும் கருவியால் குத்தி எடுத்த வட்டப் புள்ளிகள்தான் எங்கள் கிருமி. கழிப்பறைக் குழியிலிருந்து மண்ணுக்குள் மெல்ல நகர்ந்து கிணற்றுக்குள் விழுகின்றன. குளோரின் கலந்ததும் ஒவ்வொன்றாகக் கழன்று அடியில் படிகின்றன. உண்மையில் கிருமி செத்துப் படிவது கண்ணுக்குத் தெரியாது. ஆகவே குரலில் “நம்ம கண்ணுக்குத் தெரிஞ்சா இப்படித்தான் இருக்கும்” என்று ஒரு வரி சேர்த்தோம். அந்த ஒரு வரிக்குப் பிறகு பூச்சிக் கேள்வி வரவே இல்லை.

5. தனியாக மிதக்கும் கை, அம்புக்குறி, பெருக்கல் குறி இவற்றை நம்பாதீர்கள். நாம் பழகிவிட்டதால் நமக்குப் புரிகிறது. 1976ல் நேபாளக் கிராமங்களில் யுனிசெஃப் படங்களைக் காட்டி ஆய்வு செய்தபோது, படம் பார்த்துப் பழகாதவர்கள் வரிசையாக வைத்த படங்களை ஒரே கதையின் தொடர்ச்சி என்று தாமாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்று எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது, நிலைமை அப்படியே இல்லைதான். ஆனாலும் வயதானவர்கள் கூட்டத்தில் அம்புக்குறி இன்னும் தடுமாற வைக்கிறது. கை என்றால் தோளும் முகமும் சேர்த்து ஒரு ஆளாகக் காட்டுங்கள். எல்லாக் காட்சியிலும் அதே ஆள், அதே நிறப் புடவை. பின்னணியில் மரம், மேகம், வீடு எதுவும் வேண்டாம். வெள்ளைக் காகிதத்தின் மேல் கிணறு, ஆள், வாளி, இவை போதும்.

6. படம் பிடிக்கும் விதம். இரண்டு முக்காலிக்கு நடுவே ஒரு பலகை வைத்து, அதில் துளை போட்டு, செல்போனைக் கீழே பார்க்கும்படி படுக்க வைத்தோம். தரையில் வெள்ளைச் சார்ட், அதன் மேல் காகித உருவங்கள். ஆளின் தோள், முழங்கை, இடுப்பு மூன்றையும் தனித்தனியாக வெட்டி, நூல் முடிச்சால் இணைத்தால் கை அசையும். நொடிக்கு எட்டுப் படம் என்று எடுத்தால் அசைவு போதுமான அளவு ஒழுங்காக வரும். மூன்று நிமிடத்துக்கு அப்படி 1,440 படம் ஆகுமே என்று பயப்பட வேண்டாம். எங்கள் படத்தில் உண்மையில் அசைவது ஐம்பது நொடி, அதாவது 400 படம். மீதி நேரம் படம் நிற்க, குரல் பேசும்.

பகல் வெளிச்சத்தில் எடுக்க வேண்டாம். மேகம் ஒன்று போனாலும் காகிதம் கறுத்து வெளுத்துத் தெரியும். இரவில் சன்னலை மூடிவிட்டு இரண்டு பல்புகளை இரு பக்கமும் வையுங்கள். செல்போனில் வெளிச்சமும் குவியமும் தானாக மாறாதபடி பூட்டிக்கொள்ளுங்கள். கணினியில் வரையத் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் காகிதமே தேவையில்லை. கேரள அரசுப் பள்ளிகளில் லிட்டில் கைட்ஸ் பிள்ளைகளுக்கு அசைபடம் செய்யச் சொல்லித் தருகிறார்கள், கட்டணமில்லாத ஓபன்டூன்ஸ் போன்ற மென்பொருள் அவர்களுக்குக் கைப்பழக்கம். இருந்தாலும் எனக்குக் காகிதம்தான் பிடித்திருந்தது. கிழவியும் பேத்தியும் ஒரே மேசையில் உட்கார்ந்து வெட்ட முடிந்தது.

7. வாளிக் காட்சிக்கு நேரம் கொடுங்கள். படத்தின் நடு ஒரு நிமிடம் முழுக்க இதற்கே. ஏனென்றால் இங்கேதான் அநேகமாக எல்லாரும் தவறு செய்கிறோம், பவுடரை அப்படியே கிணற்றில் கொட்டிவிடுகிறோம். பவுடரில் சுண்ணாம்பு இருக்கிறது. அது கிணற்றுக்குள் போனால் தண்ணீர் கடினமாகும், அடியில் படியும், குளோரினும் ஒரே இடத்தில் தேங்கிவிடும். எங்கள் வசனத்தின் இந்தப் பகுதியை அப்படியே தருகிறேன், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

படம்: பெண் பிளாஸ்டிக் வாளியில் பொட்டலத்தைப் பிரித்துப் போடுகிறாள்.
குரல்: “பிளாஸ்டிக் வாளி எடுத்துக்கோ. இரும்பு வாளின்னா அரிச்சிடும். பவுடரைப் போட்டு, கொஞ்சமா தண்ணி விட்டுக் குழைச்சுக்கோ.”

படம்: வாளியில் முக்கால் அளவு தண்ணீர் ஏறுகிறது, கம்பு சுற்றுகிறது.
குரல்: “முக்கால் வாளி தண்ணி ஊத்திக் கலக்கு. கலக்கிட்டுச் சும்மா விட்டுடு. பத்து நிமிஷம்.”

படம்: வாளி கண்ணாடிபோல் ஆகிறது. வெள்ளைப் படிவம் மெல்லக் கீழே இறங்குகிறது. குரல் இல்லை, பன்னிரண்டு நொடி.

படம்: தெளிந்ததை இன்னொரு வாளிக்கு மெல்லச் சாய்க்கிறாள்.
குரல்: “மேலே நிக்கிற தெளிஞ்ச தண்ணிதான் நமக்கு வேணும். அடியில இருக்கிற சுண்ணாம்பு கிணத்துக்குப் போகக் கூடாது. அதைத் தள்ளி ஒரு குழியில கொட்டிடு.”

படம்: இரண்டாவது வாளி கயிற்றில் இறங்கித் தண்ணீருக்குள் மூழ்குகிறது, மேலும் கீழும் அசைகிறது. மஞ்சள் புள்ளிகள் உதிர்கின்றன.
குரல்: “கயித்தோட வாளியைத் தண்ணிக்குள்ள முக்கி, மேலயும் கீழயும் நல்லா ஆட்டு. ஒரு மணி நேரம் யாரும் தண்ணி சேந்த வேண்டாம்.”

பவுடர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நல்ல பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும். மழைக்காலத்தில் திறந்து வைத்தால் சீக்கிரம் வீரியம் போய்விடும். கட்டி தட்டி, மூக்கில் ஏறும் வாசனை இல்லாமல் இருந்தால் அதை வைத்துக் கணக்குப் போட்டுப் பயனில்லை. இறுக மூடிய டப்பாவில், இருட்டான இடத்தில் வையுங்கள். கழிப்பறை கழுவும் அமிலத்தோடு அது ஒருநாளும் சேரக் கூடாது, விஷ வாயு கிளம்பும்.

8. தண்ணீர் பழுப்பாவதையும் காட்டுங்கள். இதை நாங்கள் விட்டுவிட்டோம், பிறகு சேர்த்தோம். செம்பாறை மண்ணில் தோண்டிய கிணறுகள் பலவற்றில் இரும்புச் சத்து உண்டு. குளோரின் பட்டதும் கரைந்திருந்த இரும்பு வெளியே வந்து தண்ணீர் செம்பழுப்பாகும். முதல் முறை போட்ட ஒரு வீட்டில் பயந்து, கிணற்றையே இறைத்துவிட்டார்கள். அது படிந்துவிடும், பதற வேண்டாம் என்று குரலில் இரண்டு வரி போதும். ஆனால் அப்படிப்பட்ட கிணற்றில் குளோரினில் ஒரு பங்கை இரும்பே தின்றுவிடும், கலங்கல் தண்ணீரும் அப்படித்தான். அங்கே கணக்குப் போட்ட அளவு போதாமல் போகலாம். ஒரு மணி நேரம் கழித்துச் சேந்திய தண்ணீரில் லேசான குளோரின் வாசனை கூட இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னால் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் சின்னக் கருவியால் சோதித்துச் சொல்வார்கள். லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மீதி நிற்பது நல்லது.

9. குரலை இரண்டு மொழியில் பதியுங்கள். எங்கள் பக்கத்தில் ஒரே சந்தில் தமிழ் வீடும் மலையாள வீடும் இருக்கும். படத்துக்குள் எழுத்தே வைக்காததால் குரலை மாற்றினால் போதுமாக இருந்தது. ஆனால் சொல்லுக்குச் சொல் மாற்றாதீர்கள். நாம் உறை என்கிற கிணற்று வளையத்தை அவர்கள் தொடி என்பார்கள். அந்தந்த வீட்டுச் சொல்லை அந்தந்த வீட்டுக்காரரே பேசட்டும். பதியும்போது துணி அலமாரியைத் திறந்து வைத்து அதன் முன்னால் உட்கார்ந்து பேசினால் எதிரொலி அடங்கும். மின்விசிறியை நிறுத்த மறக்காதீர்கள்.

10. கறுக்கும் பாட்டிலைப் படத்துக்கு முன் காட்டுங்கள். தண்ணீரில் மலக் கிருமி இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க ஒரு சின்ன பாட்டில் கிடைக்கிறது. உள்ளே மருந்து தோய்த்த காகிதம் இருக்கும். மஞ்சா, மௌரியா, ராவ் என்ற இந்திய விஞ்ஞானிகள் 1982ல் வெளியிட்ட முறை இது. கோடு வரை தண்ணீர் ஊற்றி மூடி, வீட்டுக்குள் வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால், கிருமி இருந்தால் ஒன்றிரண்டு நாளில் தண்ணீர் கறுக்கும். திரையிடுவதற்கு இரண்டு நாள் முன்பே அந்தச் சந்தின் கிணற்றுத் தண்ணீரில் வைத்துவிட்டு, கறுத்த பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டுப் படத்தைப் போட்டோம். யார் வீட்டுக் கிணறு என்று சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. குளோரின் போட்ட மறுநாளே திரும்பச் சோதிக்க வேண்டாம். தண்ணீரில் மீதியிருக்கும் குளோரினே சோதனையைக் கெடுக்கும். வாசனை முழுக்கப் போன பிறகு வையுங்கள். பயன்படுத்திய பாட்டிலில் ப்ளீச்சிங் கரைசலை ஊற்றி வைத்துவிட்டுப் பிறகு கொட்டுங்கள்.

11. சத்தத்தை அணைத்துவிட்டு ஐந்து பேருக்குக் காட்டுங்கள். என்ன நடக்கிறது என்று அவர்கள் சொல்லட்டும், நீங்கள் திருத்தாதீர்கள். எங்கள் வாளிக் காட்சியை ஒருவர் “மாவு கரைக்கிறா” என்றார். பிறகுதான் பொட்டலத்தைத் தராசில் நிறுக்கும் காட்சியை முன்னால் சேர்த்தோம். அடுத்து, திரையை மறைத்துவிட்டு வெறும் குரலை மட்டும் கேட்கச் செய்யுங்கள். இரண்டிலும் தனித்தனியே புரிந்தால் சேர்த்தால் நிச்சயம் புரியும். கடைசியாகக் கேட்க வேண்டியது ஒன்றே: “உங்க கிணத்துக்கு எத்தனை கிராம்?”

12. படம் சொல்ல முடியாததைப் படத்துக்குப் பிறகு வாயால் சொல்லுங்கள். குளோரின் கிருமிக்கு மட்டும்தான். காயல் பக்கத்துக் கிணறுகளில் கோடையில் ஏறும் உப்புக்கு அது எதுவும் செய்யாது. கொதிக்க வைத்தாலும் உப்பு போகாது. கழிப்பறைக் குழி கிணற்றை ஒட்டி இருந்தால் மாதாமாதம் பவுடர் போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். கேரளக் கட்டிட விதி 7.5 மீட்டர் தூரம் கேட்கிறது, 15 மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. நெருக்கமான எங்கள் தெருக்களில் அந்த இடம் பலருக்கு இல்லை என்பது எனக்குத் தெரியும்.

13. இன்னொரு படம் எடுப்பதானால் வெந்நீரைப் பற்றி எடுங்கள். சீரகம், பதிமுகம், கருங்காலி போட்டுக் கொதிக்க வைத்துக் குடிப்பது இங்கே எல்லா வீட்டிலும் உள்ள நல்ல பழக்கம். குமிழிகள் பொங்கி நன்றாகக் கொதித்த பிறகு ஒரு நிமிடம் விட்டால் மஞ்சள் காமாலைக் கிருமி உட்பட எல்லாம் சாகும். ஆனால் அவசரத்தில் சூடு ஆற்றப் பச்சைத் தண்ணீரை அதில் ஊற்றுகிறோம். இளஞ்சிவப்பு நிறம் அப்படியே இருப்பதால் யாருக்கும் தெரிவதில்லை. எங்கள் அடுத்த படத்துக்கு இந்தக் காட்சியை வெட்டி வைத்துவிட்டோம். இளஞ்சிவப்புக் காகிதத்தில் ஒரு செம்பு, அதற்குள் மேலிருந்து விழும் மூன்றே மூன்று மஞ்சள் புள்ளிகள்.